மூவி, மியூசிக், ஸ்டேடியம்: டிவியின் ஒலி அமைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளில் டிவியும் சவுண்ட்பாரும் பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். படத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. ஒலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதுவும் திரும்பத் திரும்ப அதே ஐயங்களை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் பகுதி டிவிக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரைப் பற்றியது. சவுண்ட்பார் பிற்பகுதியில் வருகிறது.

மூவி, மியூசிக், ஸ்டேடியம் என்று மாற்றினால் டிவிக்குள் என்னதான் மாறுகிறது?

மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, ஒலியின் சில பகுதிகள் கூட்டப்படுகின்றன, சில குறைக்கப்படுகின்றன. பேஸ், டிரெபிள் பொத்தான்களால் நீங்களே செய்யக்கூடியதைத்தான் டிவி உங்களுக்காக முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. இரண்டாவது, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருக்கப்படலாம், அல்லது அப்படியே விடப்படலாம். மூன்றாவது, இடமும் வலமும் விரிந்து கேட்பதற்காகச் செயற்கையான எதிரொலியும் அகலமும் சேர்க்கப்படலாம்.

எந்தப் பெயருக்கு எது எவ்வளவு என்பதற்குப் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'மூவி' இன்னொரு நிறுவனத்தின் 'மூவி' போல ஒலிக்காது. பெரும்பாலும் மூவியில் பேஸும் அகலமும் கூடும். மியூசிக்கில் பேஸும் டிரெபிளும் கூடி நடுப்பகுதி பின்தங்கும். ஸ்டேடியத்தில் எதிரொலி முன்னுக்கு வரும். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், இந்த மூன்றில் எது நடக்கிறது என்று கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

எதையும் தொடாமல் ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடலாமா?

தாராளமாக. குறை எதுவும் தோன்றாதவரை ஸ்டாண்டர்டே போதும். கீழே வரும் பதில்கள் எல்லாம் குறிப்பிட்ட ஒரு குறை இருப்பவர்களுக்கானவை: பேச்சு புரியவில்லை, இரவில் சத்தம் ஏறி இறங்குகிறது, அறை முழங்குகிறது என்பது போன்றவை.

கிரிக்கெட்டுக்கு ஸ்டேடியம் வைத்தால் ஆரவாரம் நன்றாக இருக்கிறது. ஆனால் வர்ணனை ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது?

வர்ணனையாளரின் குரல் இடது, வலது இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். அதனால்தான் அது திரையின் நடுவிலிருந்து வருவதாக நமக்குத் தோன்றுகிறது. கூட்டத்தின் ஆரவாரம் அப்படியல்ல. இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் வேறொன்றுமாக இருக்கும். ஒலியை அகலப்படுத்தும் அமைப்புகள் இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பெரிதாக்குகின்றன. வேறுபாடு கூடும்போது, இரண்டுக்கும் பொதுவான குரல் ஒப்பளவில் சிறுத்துப் போகிறது. அதன்மேல் எதிரொலியும் விழுவதால், ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மைதானத்தைச் சுற்றி வைத்த ஒலிவாங்கிகளும், ஸ்டம்புக்குள் இருக்கும் ஒலிவாங்கியும், வர்ணனை அறையும் ஏற்கெனவே ஒரு ஒலிப்பொறியாளரின் கையில் கலக்கப்பட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருகின்றன. உண்மையான மைதானம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டேடியம் அமைப்பு அதன்மேல் இல்லாத இரண்டாவது மைதானத்தைக் கட்டுகிறது.

இந்த எண்ணம் பிறந்த இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. 1986-இல் யமஹா வெளியிட்ட டிஎஸ்பி-1 என்ற கருவி, உண்மையான அரங்குகளில் அளந்த எதிரொலிகளைக் கூடுதல் ஸ்பீக்கர்கள் மூலம் அறையைச் சுற்றித் தந்தது. முன்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் மூல ஒலியை அப்படியே கொடுத்தன. உங்கள் டிவியில் எதிரொலியும் குரலும் அதே இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனவே கூட்டமாக அமர்ந்து, வர்ணனையைப் பொருட்படுத்தாமல் பார்க்கும் ஆட்டத்துக்கு ஸ்டேடியம் வைத்துக்கொள்ளுங்கள். செய்திக்கும் நாடகத்துக்கும் அதை விட்டுவைக்காதீர்கள். பல வீடுகளில் 'டிவி குரல் சரியில்லை' என்று அழைத்தபோது, போன ஆட்டத்துக்கு வைத்த ஸ்டேடியம்தான் காரணமாக இருந்தது.

மூவி வைத்தால் வசனம் கேட்பதில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது. ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

திரையரங்குக்கான ஒலிக்கலவை மிகப் பெரிய இடைவெளியோடு செய்யப்படுகிறது. அரங்கை அளவுதிருத்தும்போது ஒவ்வொரு முதன்மை ஸ்பீக்கருக்கும் 85 டெசிபலை ஆதார அளவாக வைத்து, உச்சத்துக்கு அதன்மேல் 20 டெசிபல் இடம் விடுவார்கள். அதாவது வெடிச்சத்தம் 105 டெசிபல்வரை எழலாம். வீட்டில் யாரும் அந்த அளவில் கேட்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும்போது, கிசுகிசுப்பான வசனம் மின்விசிறியின் இரைச்சலுக்குக் கீழே போய்விடுகிறது. மூவி அமைப்பு பேஸைக் கூட்டுவதால் வெடி இன்னும் பெரிதாகிறதே தவிர, வசனத்துக்கு ஒரு பயனும் இல்லை.

இதற்கு பேஸும் டிரெபிளும் மருந்தல்ல. 'நைட் மோட்' அல்லது 'ஆட்டோ வால்யூம்' என்ற பெயரில் உள்ளதைப் போடுங்கள். அதுதான் முதல் பதிலில் சொன்ன இடைவெளியைச் சுருக்குகிறது. அடுத்து, இணையவழிப் படங்களில் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள். 5.1 என்று இருந்தால், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். உங்கள் டிவியில் நடு ஸ்பீக்கர் இல்லாதபோது, அதை இடம், வலம் இரண்டிலும் சற்றுக் குறைத்துச் சேர்ப்பார்கள். அங்கே ஏற்கெனவே இசையும் சத்தங்களும் நிறைந்திருக்கும். அதே படத்துக்கு ஸ்டீரியோ தடமும் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். பல படங்களில் வசனம் உடனே மேலே வரும்.

பேஸை முழுதாகக் கூட்டினேன். 'கும்' என்று வரும் என்று பார்த்தால் டிவிதான் அதிர்கிறது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, ஆனால் அப்படியே தொடர்ந்தால் கெடக்கூடும். மெல்லிய டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் மிகச் சிறியது. தாழ்ந்த ஒலிக்கு அதிகக் காற்றை அசைக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு சத்தத்தை எழுப்பும் ஸ்பீக்கர், அதே அளவுச் சத்தத்தை 50 ஹெர்ட்ஸில் எழுப்ப வேண்டுமானால் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். சிறிய ஸ்பீக்கருக்கு அந்த இடமே இல்லை. அது தன் எல்லையில் முட்டுகிறது, ஒலி கரகரக்கிறது, பிளாஸ்டிக் முதுகு நடுங்குகிறது.

மின்திறன் கணக்கும் இப்படித்தான். 3 டெசிபல் கூட்டினால் இரண்டு மடங்கு, 10 டெசிபல் கூட்டினால் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். மொத்தமே 20 வாட் உள்ள டிவியில் பேஸுக்கு அவ்வளவு போனால் குரலுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஒரு எளிய சோதனை: பாட்டைப் போட்டு பேஸைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் ஆழம் கூடுவது நின்று, கரகரப்பு மட்டும் கூடத் தொடங்கும். அதற்கு இரண்டு படி கீழேதான் உங்கள் டிவியின் எல்லை.

அப்படியானால் பேஸ் பொத்தானை எப்போதுதான் கூட்டுவது?

சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது. நம் காது எல்லாச் சுருதிகளையும் சமமாகக் கேட்பதில்லை. மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த சுருதிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பகலில் நிறைவாகக் கேட்ட அதே பாட்டு, இரவில் குழந்தை தூங்கும்போது தாழ்த்தி வைத்தால் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். பழைய ஸ்டீரியோக்களில் 'லௌட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததும் இதற்காகவே. இரவில் இரண்டு மூன்று படி கூட்டுங்கள். காலையில் சத்தத்தை ஏற்றும்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது ஸ்பீக்கருக்கு நகர இடம் இருப்பதால், முந்தைய பதிலில் சொன்ன ஆபத்தும் இங்கே இல்லை.

பேஸைக் குறைப்பதற்கான தருணங்கள் இதைவிட அதிகம். டிவி மூலையில் இருந்தால், அல்லது அலமாரியின் குழிக்குள் செருகப்பட்டிருந்தால், சுவர்களே பேஸைக் கூட்டிவிடும். ஆண் குரல்கள் 'ஊம்' என்று முழங்குவது அதற்கு அடையாளம். அங்கே மூன்று நான்கு படி குறைத்தால் குரல் வெளியே வரும்.

டிரெபிளைக் கூட்டினால் பேச்சு தெளிவாகும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. உயிரெழுத்துகள் பேச்சுக்குக் கனத்தைத் தருகின்றன. மெய்யெழுத்துகள்தான் பொருளைத் தருகின்றன. 'பத்து', 'பட்டு', 'காப்பு', 'காட்டு' ஆகியவற்றை வேறுபடுத்தும் தகவல் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிகக் குறைந்த வலிமையோடு இருக்கிறது. அது கேட்காவிட்டால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

டிரெபிள் பொத்தான் மேல்முனை முழுவதையும் சேர்த்துத் தூக்குகிறது. பீட்டர் பாக்ஸாண்டல் 1952-இல் வெளியிட்ட மின்சுற்றின் வழிவந்ததுதான் இன்றைய பேஸ், டிரெபிள் பொத்தான்களின் குணம். நடுப்பகுதியைத் தொடாமல் இரு முனைகளை மட்டும் ஏற்றி இறக்குவதே அதன் வேலை. அதனால் மிகுந்த விளைவு 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிடைக்கிறது. பேச்சுக்கு வேண்டிய 2,000 முதல் 4,000 வரையிலான பகுதிக்குச் சிறிதளவே கிடைக்கிறது. இரண்டு படி உதவும். அதற்கு மேல் போனால் 'ஸ்', 'ச' ஒலிகள் ஊசிபோல் குத்தத் தொடங்கும், தெளிவு கூடாது.

பேச்சுக்கு டிரெபிளைக் கூட்டுவதைவிட பேஸைக் குறைப்பது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளைக் காதுக்குள்ளேயே மூடிவிடும் இயல்புடையது. உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அந்த அளவுக்கு மூடுவதில்லை. மூடியை எடுத்தால் மெய்யெழுத்துகள் தாமாகவே தெரியும்.

அப்பாவுக்கு எழுபது வயது. சத்தம் வைத்தாலும் 'புரியவில்லை' என்கிறார். எங்களுக்கோ காது வலிக்கிறது. என்ன செய்யலாம்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஒரு வீட்டில் செய்ததை முழுதாகச் சொல்கிறேன். பன்னிரண்டுக்குப் பத்து அடிக் கூடம், டைல்ஸ் தரை, வெறும் சுவர், சுவரில் மாட்டிய 43 அங்குல டிவி. ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருந்தது. பெரியவர் பத்தடி தள்ளி அமர்ந்திருந்தார். மூவி அமைப்பு, பேஸ் முழு அளவில், சரவுண்ட் போட்டபடி இருந்தது.

முதலில் ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, சரவுண்டை அணைத்து, பேஸையும் டிரெபிளையும் நடுவில் வைத்தேன். பிறகு செய்தி அலைவரிசை ஒன்றைப் போட்டேன். செய்தி வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் இசை இருக்காது. சோதனைக்கு அதைவிட நல்லது இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு வசதியான அளவில் சத்தத்தை நிறுத்தினேன். பேஸை நான்கு படி குறைத்ததும் பெரியவர் தலையை ஆட்டினார். டிரெபிளை இரண்டு படி ஏற்றினேன். மூன்றாவது படியில் மருமகள் 'ஸ்' குத்துகிறது என்றார், மீண்டும் இரண்டுக்கே வந்தேன். அதன்பின் 'கிளியர் வாய்ஸ்' அமைப்பை முயன்றோம். அது பேச்சு இருக்கும் நடுப்பகுதியையே நேராகத் தூக்குகிறது. டிரெபிள் செய்ய முடியாததை இது செய்யும். குரல் இன்னும் துலங்கியது. பாட்டு மட்டும் தகர டப்பா போல ஆனது. பெரியவர் பார்ப்பது செய்தியும் நாடகமும்தான் என்பதால் அதையே வைத்தோம்.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது நாற்காலிதான். பத்தடியிலிருந்து ஐந்தடிக்கு நகர்த்தியதும், டிவியிலிருந்து நேராக வரும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடியது. டைல்ஸில் பட்டுத் திரும்பும் எதிரொலி கூடவில்லை. ரிமோட்டில் இதற்கு இணையான அமைப்பு கிடையாது. வயதாகும்போது மேல்சுருதிகள்தான் முதலில் மங்குகின்றன. சத்தத்தை ஏற்றுவது ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளையும் சேர்த்தே ஏற்றுகிறது. நேரில் பேசும்போதும் புரியவில்லை என்றால், அல்லது ஒரு காதில் மட்டும் குறை என்றால், காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திடீரென்று கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும்.

பாட்டுக்கு மியூசிக் வைப்பதுதானே சரி?

பெயர் அப்படிச் சொல்கிறது. நான் ஸ்டாண்டர்டையே பரிந்துரைப்பேன். பாட்டின் பேஸும் டிரெபிளும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஒலிக்கூடத்தில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். மியூசிக் அமைப்பு இரண்டு முனைகளையும் தூக்கி நடுவைத் தாழ்த்தும்போது, பாடுபவரின் குரலும் வயலினும்தான் பின்வாங்குகின்றன. கர்நாடக இசைக் கச்சேரியில் இது நன்றாகத் தெரியும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஊதிப் பெருத்து, ஒவ்வொரு தட்டும் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய பாடல்கள் தனிக் கதை. ஐம்பதுகளின் பதிவுகளில் ஆழ்ந்த பேஸும் உச்ச டிரெபிளும் மிகக் குறைவு. டிரெபிளைக் கூட்டினால் பாட்டு வராது, இரைச்சல்தான் வரும். அங்கே டிரெபிளை இரண்டு மூன்று படி குறையுங்கள். இரைச்சல் அடங்கும், குரல் அப்படியே நிற்கும். அகலப்படுத்தும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அவை மோனோ பதிவுகள். இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடே இல்லாததால் பெரிதாக்க எதுவும் இல்லை; ஸ்டேடியம் பற்றிய பதிலில் சொன்ன எதிரொலியால் குரல் மட்டுமே கெடும்.

சவுண்ட்பார் வாங்கிய பிறகு டிவியில் எதை மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லையே?

பெரும்பாலான டிவிகளில் அப்படித்தான். எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஆப்டிகல் கம்பி வழியாக வெளியே போகும் ஒலியில் டிவியின் அமைப்புகள் சேருவதில்லை. சவுண்ட்பாரின் ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும். சில மாடல்களில் டிவியின் அமைப்பும் சேர்ந்தே போகும். டிவியில் மூவி, சவுண்ட்பாரிலும் மூவி என்று இருந்தால் பேஸ் இரட்டிப்பாகும். ஐயம் இருந்தால் டிவியை ஸ்டாண்டர்டில் நிறுத்திவிட்டு சவுண்ட்பாரில் மட்டும் மாற்றுங்கள். கைபேசியில் பாட்டுச் செயலியின் ஈக்வலைசரும் புளூடூத் ஸ்பீக்கரின் பேஸ் பொத்தானும் சேர்ந்து வேலை செய்யும்போதும் இதே தொல்லைதான்.

சப்வூஃபர் சில பாட்டில் மட்டும் அறையே அதிரும்படி முழங்குகிறது, மற்றதில் அடக்கமாக இருக்கிறது. பேஸைக் குறைத்தால் எல்லாப் பாட்டும் சப்பென்று ஆகிறது. என்ன செய்ய?

முழங்குவது உங்கள் அறை. இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் மோதி, ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் பெருத்துவிடும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறையின் நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்தச் சுருதி கிடைக்கும். பன்னிரண்டு அடி, அதாவது 3.66 மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதி வரும் பாட்டில் அறை எழுந்துகொள்ளும்.

பேஸ் பொத்தான் அந்த ஒரு சுருதியை மட்டும் தொடாது. தாழ்ந்த பகுதி முழுவதையும் இறக்கிவிடும். அதனால்தான் மற்றப் பாட்டுகள் சப்பென்று ஆகின்றன. பொத்தானை விட்டுவிட்டு சப்வூஃபரை மூலையிலிருந்து எடுங்கள். அதை நீங்கள் உட்காரும் சோபாவிலேயே தற்காலிகமாக வைத்து, முழங்கும் பாட்டைப் போட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்தபடி கேளுங்கள். எந்த இடத்தில் பேஸ் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். இரண்டடி நகர்த்தினாலே வேறுபாடு தெரியும்.

மாற்றி மாற்றிப் பார்த்தால் எப்போதும் மூவிதான் நன்றாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளக் கூடாதா?

அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா, அல்லது சத்தம்தான் கூடுதலா என்று முதலில் பாருங்கள். சற்று உரக்கக் கேட்பதை நம் காது 'மேல்' என்றே தீர்ப்பளிக்கும்; வித்தியாசம் சத்தத்தில் என்று உணர்வதுகூட இல்லை. ஒவ்வொரு அமைப்பிலும் பேச்சின் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி வால்யூமைத் திருத்திவிட்டு, ஒரே காட்சியைத் திரும்பப் போட்டு ஒப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை மாற்றச் சொல்வது இன்னும் நல்லது. அப்போதும் மூவியே பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

என் டிவியில் பேஸ், டிரெபிள் என்று இல்லை. 100, 300, 1கே, 3கே, 10கே என்று ஐந்து கம்பிகள் இருக்கின்றன. எதைத் தொடுவது?

ஓரங்களில் உள்ள 100-உம் 10கே-யும் இதுவரை சொன்ன பேஸ், டிரெபிள்தான். அதே விதிகள் பொருந்தும். உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது 300-உம் 3கே-யும். குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்திருந்தால் 300-ஐ இரண்டு படி இறக்குங்கள். சொல் புரியவில்லை என்றால் 3கே-யை இரண்டு படி ஏற்றுங்கள். டிரெபிள் சிறிதளவே தொடும் மெய்யெழுத்துப் பகுதி அதுதான். 1கே-யை அப்படியே விடுங்கள். அதைக் கூட்டினால் குரல் மூக்கால் பேசுவதுபோல் ஆகும்.

கூட்டுவதற்கு முன் குறைத்துப் பாருங்கள். 300-ஐ இறக்கியதிலேயே குரல் தெளிந்துவிட்டால் 3கே-யைத் தொட வேண்டியதில்லை. திரையில் தெரியும் எண்கள் எல்லா டிவியிலும் டெசிபல் அல்ல. ஒரு மாடலில் இரண்டு படி செய்வதை இன்னொன்றில் ஐந்து படி செய்யக்கூடும். எனவே பக்கத்து வீட்டு எண்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாமல், செய்தி வாசிப்பவரின் குரலை வைத்து உங்கள் கூடத்திலேயே திருத்துங்கள்.